டெங்குக் காய்ச்சலில் தோல் சிவந்தால் எப்படிப் பார்ப்பது?

மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குவும் வந்துவிடும். போன மார்கழியில் கொக்குவிலில் என் பெறாமகனுக்கு வந்தபோது செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறியுங்கள். அவனுக்கு ஞாயிறு முதல் நாள். திங்கட்கிழமை முகமும் கழுத்தும் நெஞ்சும் வெயிலில் நின்றவன் போலச் சிவந்தன. நம் கறுத்த தோலில் இந்தச் சிவப்பு லேசில் தெரியாது. முதுகில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பாருங்கள். சிவப்பு இருந்தால் கை பதிந்த இடம் சிறிது நேரம் வெளிறி நிற்கும். காய்ச்சலுக்குப் பனடோலை வைத்தியர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோஃபன் கொடுக்கவே வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்தோம். நான்காம் நாள், புதன்கிழமை, கணுக்காலுக்கு மேலே ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். இப்போது கண்ணாடித் தம்ளரை அதன் மேல் அழுத்தி, கண்ணாடி வழியே பாருங்கள். மறைந்தால் அது வெறும் சிவப்பு. மறையாவிட்டால் தோலுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. அவனுக்கு மறையவில்லை. உடனே வைத்தியரிடம் காட்டினோம். ஆனால் புள்ளி இல்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவதுதான். அது தோலில் தெரியாது.

அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில்தான் தொடங்கும். வியாழன் காலை உடம்பு குளிர்ந்தது, அம்மம்மாவுக்குச் சந்தோஷம். மதியத்துக்குள் வயிறு நோகுது என்றான், மூன்று தரம் சத்தி எடுத்தான், கைகால் சில்லிட்டது. அடுத்த இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றி இரண்டு நாள் கவனித்தார்கள்.

கடும் வயிற்றுநோ, நிற்காத சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அந்தரம், ஆறு மணிநேரம் சலம் போகாமை: இவற்றில் ஒன்று வந்தாலே போதும், இரவென்றாலும் புறப்படுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இவ்வளவுக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் என்றவுடனேயே காட்ட வேண்டும்.

ஒன்பதாம் நாள் வீட்டில் இருந்தபோது கால்கள் திடீரென்று செக்கச் சிவந்தன. நடுவில் சிறு சிறு வெள்ளைத் திட்டுகள், உள்ளங்காலில் தாங்க முடியாத கடி. என் தங்கை பயந்துவிட்டாள். அவனோ பசி என்று சோறு கேட்டான், சலமும் நன்றாகப் போனது, காய்ச்சலும் திரும்பவில்லை. இப்படி இருந்தால் அது உடம்பு தேறும்போது வரும் சிவப்பு. நகத்தை ஒட்ட வெட்டி, கலமைன் பூசிவிட்டோம். இரவில் நித்திரை கொள்ள வைத்தியர் அரிப்புக் குளிசை தந்தார். சில நாளில் கடி அடங்கிவிட்டது.