ஸ்கின் டோன் ஸ்கேல் வச்சு ஃபேஸ் சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்றப்போ எங்க தப்பு நடக்குது

ஒரு ஃபேஸ் சாஃப்ட்வேர் கருப்பா இருக்கறவங்ககிட்ட அதிகமா தப்பு பண்ணுதான்னு பாக்கணும்னா, முதல்ல போட்டோல இருக்கறவங்களை நிறவாரியா பிரிக்கணும். அந்த முதல் வேலையிலயே சறுக்கிடுறோம், ஏன்னா நிறைய பேர் யோசிக்காம எடுக்கிறது ஃபிட்ஸ்பாட்ரிக் ஸ்கேல். அது 1975ல தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒரு அமெரிக்க தோல் டாக்டர், சோரியாசிஸ்க்கு புற ஊதாக் கதிர் ட்ரீட்மென்ட் கொடுக்கறப்போ யாருக்கு எவ்ளோ டோஸ் தாங்கும்னு தெரிஞ்சுக்க உண்டாக்கினது. அதுல கேக்குற கேள்வியே "வெயில்ல நின்னா உங்க தோல் எரியுமா, கருக்குமா"ங்கறதுதான், நிறம் என்னன்னு இல்ல. ஆரம்பத்துல வெள்ளைத் தோலுக்கு மட்டும் 4 வகை இருந்துச்சு, பழுப்பும் கருப்பும் 5, 6னு அப்புறம்தான் வந்து ஒட்டிக்கிச்சு. அதனால தெற்காசியா, ஆப்பிரிக்கா முழுக்க கடைசி ரெண்டு மூணு கட்டத்துக்குள்ள அடைபட்டுடும், நம்ம மாநிறமும் நல்ல கருப்பும் பக்கத்து பக்கத்து கட்டத்துல போய் உக்காந்துடும். ஹார்வர்ட் சோஷியாலஜிஸ்ட் எல்லிஸ் மங்க் உருவாக்கி 2022ல கூகுள் வெளியிட்ட மங்க் ஸ்கேல்ல 10 நிறம் இருக்கு, கருமைப் பக்கம் ஃபிட்ஸ்பாட்ரிக்கை விட அதிக கட்டம் இருக்கு. இமேஜ் வேலைக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆனா ஒரே ஆள் உக்காந்து எல்லாத்துக்கும் நம்பர் போட்டா இதுவும் பிரயோஜனப்படாது, ஒரே முகத்தை வேற வேற ஊர்க்காரங்க வேற வேற கட்டத்துல வைப்பாங்க, அதனால ஒரு போட்டோவுக்கு பல ஊர்லேர்ந்து பல பேர் மார்க் போடணும்.

அடுத்த தப்பு இன்னும் நைசா நடக்கும். மனுஷங்க வேணாம், போட்டோலேர்ந்தே நிறத்தை கணக்கு பண்ணிடலாம்னு கிளம்புவாங்க. அதுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு:

```
ITA = arctan((L* - 50) / b*) × 180 / π
```

ITAங்கறது தோல் நிறத்தை ஒரு கோணமா சொல்ற அளவு, L* வெளிச்ச அளவு, b* மஞ்சள் பக்கம் எவ்ளோ சாயுதுங்கறது. ஒருத்தரோட கன்னத்துல L* 55, b* 18 வருதுன்னு வைங்க, கோணம் 15.5 டிகிரி, அது "டேன்" வகை (10லேர்ந்து 28 வரைக்கும்). இப்போ அதே ஆள் ஒரு படி நிழலுக்குள்ள வந்துட்டார், கேமராவுக்குப் போற வெளிச்சம் பாதியாயிடுச்சு, L* கிட்டத்தட்ட 40, b* 14ன்னு இறங்கிடும், கோணம் மைனஸ் 35 கிட்ட போயிடும், மைனஸ் 30க்கு கீழ இருந்தா "டார்க்". நடுவுல இருக்கற "பிரவுன்" வகையையே தாண்டிட்டார் மனுஷன், தோல் ஒரு துளி மாறல. அதனால இந்த ஃபார்முலாவை வெளிச்சம் கட்டுப்படுத்தி, கலர் கார்டு வச்சு எடுத்த படத்துக்குத்தான் நம்பணும், இணையத்துல சேத்த படத்துல அது அளக்குறது பாதி லைட்டைத்தான்.

சரி, லேபிள் ஒழுங்கா போட்டாச்சு, அப்புறம் மொத்த சராசரியை மட்டும் பாத்துட்டு பாஸ்னு சொல்றது பெரிய தப்பு. 2018ல ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செஞ்ச ஜெண்டர் ஷேட்ஸ் ஆய்வுல இது பளிச்சுனு தெரிஞ்சுது. அப்போ பொதுவா டெஸ்ட்டுக்கு பயன்பட்ட ஏடியன்ஸ் டேட்டாசெட்ல 86.2% பேர் வெளுப்பா இருக்கறவங்க. அதனால அவங்க ருவாண்டா, செனெகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, ஃபின்லாந்து, ஸ்வீடன்னு ஆறு நாட்டு பார்லிமென்ட் மெம்பர்ஸ் 1270 பேரோட படத்தை வச்சு புதுசா ஒண்ணு உண்டாக்கினாங்க. ஆணா பெண்ணான்னு சொல்ற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் மொத்தத்துல 93.7% சரியா சொல்லிச்சு, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பிரிச்சுப் பாத்தா வெளுத்த ஆண்கள்ல தப்பே இல்ல, கருத்த பெண்கள்ல 20.8% தப்பு. நிறத்தை மட்டும் தனியா, பாலினத்தை மட்டும் தனியா பாத்திருந்தா கூட இவ்ளோ பெரிய பள்ளம் தெரிஞ்சிருக்காது, ரெண்டையும் சேத்து நாலு கூட்டமா பிரிச்சதாலதான் தெரிஞ்சுது. (அவங்களும் ஃபிட்ஸ்பாட்ரிக்கைத்தான் எடுத்தாங்க, ஆனா 1-3 ஒரு கூட்டம், 4-6 ஒரு கூட்டம்னு ரெண்டா மட்டும் பிரிச்சாங்க.)

இதைப் படிச்சுட்டு "பேலன்ஸ் பண்றேன்"னு எண்ணிக்கையை மட்டும் சமமாக்குறவங்களும் உண்டு. வெளுத்தவங்க படம் 1000, கருத்தவங்க படம் 1000, ஆனா ரெண்டாவது ஆயிரமும் 20 பேரோட வீடியோலேர்ந்து வெட்டினது, அப்போ அது 20 முகம்தான். இல்லன்னா ஒரு கூட்டம் ஸ்டூடியோ லைட்ல, இன்னொண்ணு ராத்திரி தெருவுல, கடைசில வர்ற வித்தியாசம் தோலாலயா லைட்டாலயான்னு பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு நிறத்துலயும் எத்தனை ஆள், எத்தனை வெளிச்சம்னு ஒரு டேபிள் போட்டுப் பாருங்க, காலி கட்டம் உடனே கண்ணுல படும்.

ஒரு கட்டத்துல 30 பேர்தான் இருக்காங்க, ஒரு தப்பும் வரலன்னா கூட சந்தோஷப்படாதீங்க, தப்பே வராதப்போ 3ஐ ஆள் எண்ணிக்கையால வகுத்துப் பாக்கறது ஒரு சுலபக் கணக்கு, 3ஐ 30ஆல வகுத்தா 10%, அதாவது உண்மையான தப்பு விகிதம் 10% வரைக்கும் இருக்கலாம்னுதான் 95% நம்பிக்கையோட சொல்ல முடியும், 1%க்கு கீழன்னு சொல்லணும்னா அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஒரு தப்பும் வராம 300 பேர் வேணும்.