சில்லறைத் தொல்லை தீர்ந்த கதை

பள்ளி விழாவில் உணவுக் கடை வரிசை நகராததற்குக் காரணம் சமையல் இல்லை, சில்லறை. பஜ்ஜி 15, சுண்டல் 25 என்று விலை வைத்தால் அப்படித்தான். இந்த முறை எல்லா விலையையும் பத்தின் மடங்காக்கி, 10 ரூபாய் கூப்பன் மட்டும் அச்சடித்தோம். வாசலிலேயே விற்றுவிட்டதால் கடையில் காசுப் பேச்சே இல்லை.

கணக்குக்கு வரிசை எண்தான் உயிர். ஒரு கவுண்டரில் 401 முதல் 730 வரை விற்றது: 330 கூப்பன், 3,300 ரூபாய். கல்லாவில் 3,800 இருந்தது. காலையில் சில்லறைக்குக் கொடுத்த 500 போக, சரியாக வந்தது.

கடைகளுக்கு வந்த கூப்பன் விற்றதைவிடக் குறைந்தால் பரவாயில்லை, யார் பையிலாவது கிடக்கும். கூடினால்தான் சிக்கல்: பழைய கூப்பன் மறுபடி சுற்றுகிறது. அதனால் கூப்பனை வாங்கியதுமே அதன் ஓரத்தைக் கிழித்துவிடும்படி கடைக்காரர்களிடம் சொன்னோம்.