இருமலில் ரத்தம், ஏறும் கிரியாட்டினின்: ஆன்டி-ஜிபிஎம் நோயில் நேரத்தைத் தின்னும் தவறுகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 28 வயது ஆண், எடை 60 கிலோ, தினமும் சிகரெட் பிடிப்பவர். பத்து நாளாக இருமல், சளியில் ரத்தக் கீற்று. எக்ஸ்-ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெண்திட்டுகள். காசநோயைச் சந்தேகித்துச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். நிமோனியாவுக்கான ஆன்டிபயாட்டிக்கையும் தொடங்குகிறார்கள். நம் ஊரில் இப்படி யோசிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.1 மி.கி. என்று உயர்ந்திருந்ததைக் 'காய்ச்சலில் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை' என்று தள்ளிவிட்டார்கள். சிறுநீரைச் சோதிக்கவில்லை. ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 4.8.

நுரையீரலும் சிறுநீரகமும் தனித்தனி நோய் என்று நினைப்பது

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். ஆன்டி-ஜிபிஎம் நோயில் இரண்டு உறுப்பையும் தாக்குவது, உடல் தன் சொந்தச் சவ்வுக்கு எதிராகவே உருவாக்கும் ஒரே ஆன்டிபாடி. ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களைத் தாங்கி நிற்கும் மெல்லிய அடித்தளச் சவ்வு நான்காம் வகைக் கொலாஜனால் ஆனது. உடலின் பெரும்பாலான இடங்களில் அந்தக் கொலாஜன் ஆல்பா-1, ஆல்பா-2 இழைகளால் பின்னப்பட்டிருக்கும். சிறுநீரக வடிகட்டியான கிளாமருலஸிலும் நுரையீரல் காற்றுப்பைகளிலும் ஆல்பா-3, 4, 5 இழைகள் கொண்ட பின்னல் முக்கியமாக இருக்கிறது. இந்த நோயில் உருவாகும் ஆன்டிபாடி ஆல்பா-3 இழையின் முனைப் பகுதியைக் குறிவைக்கிறது. அதனால்தான் கல்லீரலையும் தோலையும் விட்டுவிட்டு இந்த இரண்டு இடங்களில் போய் நிற்கிறது.

ஆனால் இரண்டிலும் அது சமமாக நுழைவதில்லை. கிளாமருலஸின் ரத்தக் குழாய்ச் சுவரில் இயல்பாகவே துளைகள் உண்டு. ரத்தத்தில் வரும் ஆன்டிபாடி நேராகச் சவ்வைத் தொட்டுவிடும். நுரையீரலின் நுண்குழாய்களில் அப்படித் துளைகள் கிடையாது. அங்கே ஆன்டிபாடி உள்ளே போக வேண்டுமென்றால் சுவர் ஏற்கெனவே புண்பட்டிருக்க வேண்டும்: சிகரெட் புகை, பெட்ரோலியக் கரைப்பான்களின் ஆவி, நுரையீரல் தொற்று, உடலில் தேங்கிய மிகை நீர். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் நுரையீரலில் ரத்தம் கசிவதும், அவர்களில் புகைபிடிப்பவர்கள் மிகுந்திருப்பதும் இதனால்தான்.

ஆன்டிபாடி ஒட்டிய இடத்துக்கு வெள்ளணுக்கள் வந்து சவ்வைக் கிழிக்கின்றன. நுரையீரலில் ரத்தம் காற்றுப்பைக்குள் கொட்டுகிறது. சிறுநீரகத்தில் ஃபைப்ரின் கசிந்து, செல்கள் பிறை வடிவில் குவிந்து வடிகட்டியை நெரிக்கின்றன. இந்தப் பிறைகள் சில நாட்களிலேயே தழும்பாக மாறத் தொடங்கும். தழும்பான வடிகட்டி மீளாது.

ஆகவே சளியில் ரத்தம் வருகிறவரின் சிறுநீரில் சிவப்பணுக்களும் புரதமும் இருக்கின்றனவா என்று அன்றே பார்க்க வேண்டும். மையவிலக்கில் சுற்றிய சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்து, சிவப்பணுக்கள் அடங்கிய உருளைத் துண்டுகளான சிவப்பணு வார்ப்புகள் தெரிந்தால், தண்ணீர் குறைவு என்ற விளக்கம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நுரையீரல் ரத்தக்கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் எலிக்காய்ச்சலிலும் தன்னெதிர்ப்பு நோயான லூபஸிலும், அன்கா என்ற ஆன்டிபாடியோடு ரத்தக் குழாய்கள் அழற்சியடையும் அன்கா வாஸ்குலைட்டிஸிலும் சேர்ந்து வரும். அவற்றுக்கான பரிசோதனைகளையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

ரத்தம் துப்பவில்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவுகட்டுவது

காற்றுப்பைக்குள் நிறைய ரத்தம் தேங்கியும் ஒரு சொட்டுக்கூட வெளியே வராமல் இருக்கலாம். நம் உதாரணத்தில் ஹீமோகுளோபின் ஐந்து நாளில் 11.2-இலிருந்து 8.4-க்கு இறங்கியது, துப்பிய ரத்தமோ இரண்டு தேக்கரண்டிகூட இருக்காது. காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் இறங்குவது, ஆக்ஸிஜன் அளவு குறைவது, எக்ஸ்-ரேயில் புதுத் திட்டுகள் வருவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கசிவு நடக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அறிக்கைக்காகக் காத்திருப்பது

ஆன்டி-ஜிபிஎம் ரத்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் அன்றே கிடைப்பதில்லை. அது நெகட்டிவ் என்று வந்தாலும் முழு நிம்மதி கூடாது. ஏறத்தாழ பத்தில் ஒருவரின் ஆன்டிபாடியை வழக்கமான எலைசா முறை ரத்தப் பரிசோதனை தவறவிடலாம். சிறுநீரக பயாப்ஸியில் சவ்வு நெடுகக் கோடு போட்டதுபோல் ஐஜி-ஜி வகை ஆன்டிபாடி படிந்திருப்பதுதான் உறுதியான அடையாளம். நீண்ட நாள் சர்க்கரை நோயிலும் அப்படி ஒரு மங்கலான கோடு தெரியலாம், ஆனால் அங்கே பிறைகள் இருக்காது.

பயாப்ஸி தேவைதான். அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைப்பது தவறு. சந்தேகம் வலுவாக இருந்தால் மெதைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், ரத்தத்தின் திரவப் பகுதியை அகற்றி வேறு திரவம் ஏற்றும் பிளாஸ்மா மாற்றும் அதற்கு முன்பே தொடங்கலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். லண்டனில் நடந்து 2001-இல் வெளியான நீண்டகால ஆய்வு இதன் காரணத்தைக் காட்டுகிறது. கிரியாட்டினின் சுமார் 5.7 மி.கி.க்குக் கீழே இருக்கும்போது முழுச் சிகிச்சை தொடங்கியவர்களில் 95 சதவீதத்தினருக்கு ஓராண்டு கழித்தும் சிறுநீரகம் வேலை செய்தது. உடனடி டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் வந்தவர்களில் அது 8 சதவீதம்தான். 4.8-இல் நிற்கும் நம் நோயாளி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். இன்னும் ஓரிரு நாள் போனால் அந்தப் பக்கம்.

ஸ்டீராய்டு மட்டும் போதும் என்று இருப்பது

ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடியை எடுக்காது. ஐஜி-ஜியின் அரை ஆயுள் சுமார் மூன்று வாரம். புதிய உற்பத்தி இன்றே நின்றாலும் பழையது வாரக்கணக்கில் சவ்வைக் கிழித்துக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுக்கத்தான் பிளாஸ்மா மாற்று. கிலோவுக்கு 60 மி.லி. என்ற கணக்கில் 60 கிலோ எடைக்கு ஒரு முறைக்கு 3.6 லிட்டர், உச்ச வரம்பு 4 லிட்டர். ரத்தக் குழாய்க்குள் இருக்கும் ஐஜி-ஜியில் முக்கால் பங்கு ஒரே அமர்வில் போய்விடும். ஆனால் உடலின் ஐஜி-ஜியில் பாதிக்கும் மேல் குழாய்க்கு வெளியே திசுக்களில் கிடக்கிறது. அது ஓரிரு நாளில் உள்ளே வந்துவிடும். அதனால்தான் தினசரி, 14 நாள் வரை அல்லது ஆன்டிபாடி மறையும்வரை செய்கிறார்கள். மூன்று அமர்வில் இருமல் நின்றுவிட்டது என்று நிறுத்துவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

புதிய ஆன்டிபாடி உற்பத்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு சேர்க்காமல் பிளாஸ்மா மாற்று மட்டும் செய்வது, குழாயை மூடாமல் தொட்டியை இறைப்பதுதான். வாய்வழி தினமும் கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி. வரை, இரண்டு மூன்று மாதங்கள்; வயதானவர்களுக்கும் வெள்ளணு குறைந்தவர்களுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். அன்றைய மாத்திரையை பிளாஸ்மா மாற்று முடிந்த பிறகு கொடுப்பது நல்லது. முன்னால் கொடுத்தால் மருந்தின் ஒரு பகுதியும் வெளியேறிவிடும்.

மாற்றாக ஏற்றும் திரவத்திலும் கவனம் வேண்டும். வழக்கமாக 5 சதவீத ஆல்புமின். ஆனால் அதில் உறையவைக்கும் காரணிகள் இல்லை. நுரையீரலில் கசிவு இருந்தாலோ பயாப்ஸி எடுத்து மூன்று நாள் ஆகாவிட்டாலோ அமர்வின் முடிவில் உறைநிலை பிளாஸ்மாவும் ஏற்ற வேண்டும். அதே சமயம் மொத்தத் திரவம் மிகையானால் கசிவு கூடும். டயாலிசிஸ் தேவைப்பட்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இல்லாமல் செய்யலாமா என்று கேட்டே தொடங்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

டயாலிசிஸில் வந்தவர், பயாப்ஸியில் எல்லா வடிகட்டிகளிலும் பிறை, நுரையீரல் கசிவு இல்லை: இவருக்கு முழுச் சிகிச்சையால் தொற்று ஆபத்துதான் மிஞ்சும். கசிவு இருந்தால் சிறுநீரகம் மீளாது என்று தெரிந்தாலும் சிகிச்சை கட்டாயம், அங்கே காப்பது உயிரை.

அன்கா பரிசோதனையை விட்டுவிடுவதும் தவறு. இந்த நோயாளிகளில் மூன்றில் ஒருவர் வரை அதுவும் பாசிட்டிவாக இருப்பார். வெறும் ஆன்டி-ஜிபிஎம் நோய் பெரும்பாலும் ஒரு முறைதான் தாக்கும். ஸ்டீராய்டை ஆறு மாதத்தில் நிறுத்தலாம். அன்காவும் சேர்ந்தவருக்கு நோய் திரும்பும், எனவே பராமரிப்பு மருந்து தொடர வேண்டும். சிறுநீரகம் இழந்தவர்களுக்கு மாற்று அறுவை செய்வதென்றால் ஆன்டிபாடி குறைந்தது ஆறு மாதம் நெகட்டிவாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் பொருத்திய சிறுநீரகத்தின் சவ்விலும் அதே ஆன்டிபாடி போய் ஒட்டும்.