விளையாட்டு விழா அன்று சுகர் 265: டைப் 1 பிள்ளைகளின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்கு அப்போது பத்து வயது, எடை 30 கிலோ. டைப் 1 சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் விளையாட்டு விழா. காலை 8 மணிக்கு எப்போதும் போலச் சாப்பிட்டாள், அதற்கான இன்சுலினும் போட்டாயிற்று. 10 மணிக்கு மைதானத்தில் விரலைக் குத்திப் பார்த்தால் 265. முந்தின நாள் இதே நேரத்தில் 150தான் இருந்தது. பதறிப்போய் 2 யூனிட் இன்சுலின் போட்டேன். 10.30க்கு நடக்க வேண்டிய ஓட்டப்பந்தயம் 11.15க்குத்தான் நடந்தது. அப்புறம் தொடர் ஓட்டம், நடுவில் தோழிகளோடு ஓடிப்பிடித்து விளையாட்டு. 12.15க்குப் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் நடுங்கின, முடிச்சு விழவே இல்லை. உதவப் போனால் "விடும்மா, எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எரிந்து விழுந்தாள். பரிசோதித்தால் 56.

அன்று நான் செய்த முதல் தவறு, அந்த 265ஐ வீட்டில் வரும் 265 போலவே நினைத்தது. போட்டிக்கு முன் வரும் படபடப்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளுகிறது. படபடப்பு அடங்கினால் இந்த ஏற்றம் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். கணக்கைப் பாருங்கள். அவளுக்கு ஒரு யூனிட் சுமார் 70 குறைக்கும். 2 யூனிட்டுக்கு 140 குறைந்து 125 வரும், நல்ல எண்தான். ஆனால் உடனடி இன்சுலின் மிகவும் வீரியமாக வேலை செய்வது போட்ட ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். அதாவது 11 முதல் 12 வரை. சரியாக அந்த நேரத்தில்தான் அவள் ஓடினாள். ஓடும் தசை தன் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொண்டது, அட்ரினலினும் அடங்கியது. மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

இப்போது அப்படி உயர்ந்த எண்ணைப் பார்த்தால் முதலில் கீட்டோன் பார்ப்போம். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம் அது. 250ஐத் தாண்டினாலே எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். ரத்தக் கீட்டோன் 0.6க்குக் கீழே இருந்து, வாந்தி, வயிற்றுவலி எதுவும் இல்லாமல் பிள்ளை தெம்பாக இருந்தால், அது படபடப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஊசி போடாமல் ஓட விடுகிறோம், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறோம். 0.6க்கு மேல் என்றால் காரணத்தைச் சரிசெய்யும்வரை மைதானத்தில் இறங்கக் கூடாது. 1.5ஐத் தொட்டுவிட்டால் விளையாட்டே கிடையாது. அது இன்சுலின் பற்றாக்குறை: காலை ஊசியை மறந்திருக்கலாம், பம்ப் குழாய் அடைத்திருக்கலாம், காய்ச்சல் தொடங்கியிருக்கலாம். அந்த நிலையில் ஓடினால் சர்க்கரையும் கீட்டோனும் இன்னும் ஏறும். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த வருடம் இதே விழாவில் 10.15க்கு 255, கீட்டோன் 0.1. கை துறுதுறுத்தது, ஆனாலும் ஊசி போடவில்லை. 12 மணிக்கு 148.

ஸ்நாக்ஸை நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக் கொடுப்பது

விளையாட்டு விழாவில் எதுவும் சொன்ன நேரத்தில் நடக்காது. 10.30 போட்டிக்காக 10.15க்குக் கொடுத்த பழச்சாறு, 11.15க்கு ஓடும்போது கைகொடுக்காது. அதனால் நேரத்துக்குப் பதிலாக அழைப்பை வைத்து முடிவு செய்யுங்கள். பெயரைக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைக்கும்போது ஒருமுறை பரிசோதனை. 90க்குக் கீழே இருந்தால் 10 முதல் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 90ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நூறு மீட்டர் ஓட்டத்துக்காகத் தனியாக ஸ்நாக்ஸ் தேவையில்லை. கால்பந்து போல ஒரு மணி நேரம் ஓடும் விளையாட்டு என்றால் இந்த எடைக்கு 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து வேண்டும், அதையும் பிரித்துப் பிரித்துக் கொடுப்பது நல்லது. சாப்பாட்டு ஊசி போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் விளையாட்டு வருகிறதென்றால் அந்த ஊசியின் அளவையே குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓடப்போகும் காலையில் தொடையில் ஊசி வேண்டாம். ஓடும் காலிலிருந்து இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும்.

சுகர் இறங்கிவிட்டால் சாக்லேட் கொடுப்பது பலரும் செய்யும் தவறு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் போதும். என் மகளுக்கு அது 9 கிராம், ஏறக்குறைய 90 மில்லி பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்று, "போய் நர்ஸைப் பார்" என்று பிள்ளையைத் தனியாக நடக்க விடவே கூடாது. குளுக்கோஸ்தான் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை வேகமாக ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பரிசளிப்போடு நாள் முடிந்தது என்று நினைப்பது

முதல் வருடம் இரவு படுக்கும்போது 130. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். 1.30க்கு அவள் புலம்பும் சத்தம் கேட்டு விழித்தால், தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. சுகர் 52. பகலில் காலி செய்த சர்க்கரை இருப்பைத் தசைகள் இரவெல்லாம் நிரப்பிக்கொள்ளும். அன்று இன்சுலினும் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும். மாலையில் விளையாடிய பிள்ளைகளுக்கு 7 முதல் 11 மணி நேரம் கழித்து, அதாவது நடு இரவில், இந்த இறக்கம் வரலாம். எங்கள் டாக்டர் அந்த ஓர் இரவுக்கு மட்டும் நீண்டநேர இன்சுலினை 20 சதவீதம் குறைக்கச் சொன்னார். படுக்கும் முன் ஊசி போடாமல் பாலும் பிஸ்கட்டும். 2 மணிக்கு அலாரம்.

தேர்வு நாளையும் விளையாட்டு நாளையும் ஒன்றாகப் பார்ப்பது

படபடப்பு ஒன்றுதான், அட்ரினலினும் அதேதான். ஆனால் தேர்வில் பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறது, ஏறிய சர்க்கரையை இழுக்கத் தசை வேலை செய்வதில்லை. அதனால் அது மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், திருத்த ஊசி தேவைப்படலாம். "தேர்வு நடுவில் இறங்கிவிடக் கூடாதே" என்று வேண்டுமென்றே 250க்கு மேல் வைத்து அனுப்புவதும் சரியல்ல. தாகம், அடிக்கடி சிறுநீர், மந்தம் என்று கேள்வித்தாளில் கவனமே நிற்காது. நடுவில் இறங்கினால், எண் சரியான பிறகும் யோசனை தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்த நேரத்தைத் திருப்பித் தரவும், மேசையில் குளுக்கோஸும் மீட்டரும் வைத்துக்கொள்ளவும் தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சுற்றுலாவுக்கு ஒன்றிரண்டு விஷயம்தான். இன்சுலினை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று பிள்ளையிடம், ஒன்று கூடவரும் ஆசிரியரிடம். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டுப் போகக் கூடாது, ஐஸ்மேல் நேரடியாக வைக்கவும் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். "இன்னும் பத்து நிமிடத்தில் சாப்பாடு" என்று யாராவது சொன்னதை நம்பி ஊசி போட்டுக்கொண்டு பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். வழியில் பஸ் நின்றால் அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. நாள் முழுக்க நடந்து சுற்றிய இரவும் விளையாட்டு விழா இரவுதான், அந்த 2 மணி அலாரம் ஆசிரியரின் போனில் இருக்கட்டும்.