பட்டில் திட்டு விழுவது ஏன்?

மதுரையில் சுங்குடிப் பருத்திக்குச் சாயம் போட்டுப் பழகிய கைகள் பட்டிலும் கம்பளியிலும் இறங்கும்போது முதலில் தடுமாறுவது வினிகரில்தான். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுவது ஆசிட் டை, அதாவது வினிகரின் புளிப்பில் நூலில் ஏறும் சாயம். இதற்குப் பருத்திச் சாயத்தைப் போல உப்பும் சோடாவும் வேண்டாம். சோடாவின் காரம் பட்டின் மினுமினுப்பைக் கெடுக்கும், கம்பளியை அதைவிட மோசமாக அரிக்கும்.

சாயம், வினிகர், நூல் மூன்றையும் ஒன்றாகச் சுடுநீரில் போடுவதுதான் பெரிய தவறு. புளிப்பு ஏறியதும் நூல் சாயத்தை இழுக்கத் தொடங்கும். சூடும் சேர்ந்தால் முதலில் நனைந்த இடமே பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். திட்டு அங்கேதான் பிறக்கிறது.

பசை நீக்கிய பட்டு நூல் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூல் கழியை மூன்று நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டுக்கு அடியில் வெள்ளைப் பட்டையாக நிற்கும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் முழுக்க ஊறட்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் 4 லிட்டர் நீர் வையுங்கள். இந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்கு ஆகாது. 1 கிராம் சாயத்தைச் சுடுநீரில் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள். நீர் 40 டிகிரியில் இருக்கும்போது நூலை இறக்கி, வினிகர் இல்லாமலே பத்து நிமிடம் திருப்புங்கள்.

அதன்பின் 4 சதவீத வினிகர் 20 மி.லி. விடுங்கள். சூட்டை நிமிடத்துக்கு ஒரு டிகிரி போல ஏற்றி, 60-இல் இன்னொரு 20, 75-இல் கடைசி 20. ஒவ்வொரு முறையும் நூலைக் கோலால் தூக்கிவிட்டு, கலக்கியபின்தான் மறுபடி இறக்க வேண்டும். நம்ம பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அது வினிகரில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் பிஎச் தாளில் பாருங்கள்: 4.5 முதல் 5 வரை போதும். மென்நீர் என்றால் முதல் 20 மி.லி.யிலேயே அதை எட்டிவிடலாம், மீதி தேவைப்படாது.

பட்டுக்கு 85 டிகிரிக்கு மேல் வேண்டாம். கொதித்தால் நூல் உரசி வெளுத்த கீறல் விழும், பளபளப்பும் போகும். அரை மணி நேரத்தில் நீர் ஏறக்குறைய தெளிந்தால் சாயம் ஏறிவிட்டது. கம்பளிக்கு 90 டிகிரிக்கு மேலும் போகலாம், ஆனால் கிளறக் கூடாது. சூடும் அசைவும் சேர்ந்தால் அதன் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி நூல் தடித்துச் சுருங்கும், மீளாது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் குறைந்த சூட்டில் பட்டு முந்திக்கொள்ளும், ஏற ஏறக் கம்பளி இழுக்கும். ஒரே நிறம் வேண்டுமென்றால் தனித்தனியாகப் போடுவதே நல்லது.

அடுப்பை அணைத்ததும் பச்சைத் தண்ணீருக்கு மாற்றாதீர்கள். அதே நீரில் ஆறட்டும். அலசிய பின் முறுக்காமல் துணியில் சுற்றி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள்.