சவாரி முடிந்ததும் பணம் தானாகப் போவது எப்படி?

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, ஆப்பில் கார் பிடித்து சத்துவாச்சாரிக்குப் போகிறீர்கள். வாசலில் இறங்கியதும் பர்ஸைத் திறக்காமலே வீட்டுக்குள் போய்விடலாம். ஆனால் போனில் பணம் பற்றி இரண்டு மெசேஜ் வந்திருந்தால்? இரண்டு முறை எடுத்துவிட்டார்களோ என்ற பதற்றம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: வாலட்டையோ கார்டையோ சேமிப்பது

ஆப்பின் மெனுவில் Payment அல்லது Wallet என்று ஒன்று இருக்கும். வாலட்டை இணைத்தால் உங்கள் நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அதைக் கொடுப்பதுதான் அனுமதி. இனி இந்த ஆப் கேட்டால், ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்காமல் வாலட் பணத்தைக் கொடுக்கலாம் என்று நீங்கள் சொன்னதாகப் பொருள்.

கார்டு கதை வேறு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 அக்டோபர் 1 முதல் ஆப்கள் உங்கள் கார்டு எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற ஒரு மாற்று எண்ணைத்தான் வைத்திருக்கும். அது அந்த ஆப்புக்கு மட்டுமே செல்லும். டோக்கன் இருந்தாலும், நம் ஊர் கார்டில் பணம் எடுக்கப் பொதுவாக ஓ.டி.பி. கேட்பார்கள். அதனால் கார்டைச் சேமித்தவருக்கும் புக் செய்யும்போதோ இறங்கும்போதோ ஓ.டி.பி. பக்கம் திறக்கலாம். இறங்கியதும் நடையைக் கட்ட வேண்டும் என்றால் என் ஓட்டு வாலட்டுக்குத்தான். அதில் அளவாகப் பணம் போட்டு வைத்தால் போதும்.

படி 2: புக் செய்யும்போது

வாலட் என்றால், உத்தேசக் கட்டணத்துக்குப் போதிய பணம் இருக்கிறதா என்று ஆப் பார்க்கும். இல்லாவிட்டால் பணம் போடச் சொல்லும், அல்லது வேறு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

கார்டிலும் சில யு.பி.ஐ. முறைகளிலும் ஆப் அந்தத் தொகையை நிறுத்தி வைக்கலாம். கணக்குக்காக 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 240 உங்கள் கணக்கில்தான் இருக்கும். ஆனால் செலவழிக்க முடியாது. மெசேஜில் blocked அல்லது hold என்று இருந்தால் இதுதான். சில வங்கிகள் டெபிட் கார்டில் இதையே கழித்ததுபோலக் காட்டும். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

படி 3: இறங்கும்போது

பணம் எடுக்கச் சொல்லும் பொத்தான் உங்களிடம் இல்லை. டிரைவர் தன் போனில் சவாரியை முடித்ததும் கடைசிக் கட்டணம் கணக்காகி, வாலட்டுக்கோ வங்கிக்கோ போகிறது. அவர் முடிக்க மறந்து அடுத்த தெரு வரை ஓட்டிப் போனால் சவாரியும் கூடவே ஓடும். எனவே உங்கள் ஆப்பில் சவாரி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

சரி, நம் 240-க்கு வருவோம். கட்டணம் 215-தான் ஆனது என்றால் 215 எடுக்கப்படும், மீதி 25 விடுவிக்கப்படும். இது உடனே தெரியாமல் சில நாள் ஆகலாம்; அது வங்கியைப் பொறுத்தது. வழியில் கிரீன் சர்க்கிள் பக்கம் மருந்து வாங்க நிறுத்தியதில் காத்திருப்புக் கட்டணம் சேர்ந்து 268 ஆனது என்றால்? நிறுத்தி வைத்த 240-க்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. மிச்சம் 28 தனியாக எடுக்கப்படும், இல்லாவிட்டால் பாக்கியாக நிற்கும். இரண்டாவது மெசேஜ் 28 ரூபாய்க்கு என்றால் அது இந்தக் கணக்குதான். 240, 268 என்று இரண்டுமே debited என்று வந்து, சில நாளாகியும் முதல் தொகை திரும்பவில்லை என்றால்தான் புகார் செய்ய வேண்டும்.

எங்கே சிக்கும்?

"சார், எனக்கு கேஷ்னு காட்டுது" என்று டிரைவர் சொல்வார். சண்டை வேண்டாம். "உங்க போனைக் காட்டுங்க அண்ணா" என்று கேளுங்கள். கேஷ் சவாரியானால் வாங்க வேண்டிய தொகை அவர் திரையில் பெரிதாக இருக்கும். உங்கள் ஆப்பின் ரசீதில் எந்த வழியில் பணம் போனது என்றும் பாருங்கள். வாலட் என்று இருந்தால் கையில் கொடுக்காதீர்கள். ஆட்டோவுக்கு இது பொருந்தாமல் போகலாம். பல ஆப்களில் ஆட்டோ கட்டணம் நேராக டிரைவரிடமே, கேஷாகவோ அவருடைய கியூ.ஆர். வழியாகவோ கொடுப்பதுதான்.

அப்புறம், வங்கியில் பணம் போய்விட்டது, ஆப்பிலோ கட்டவில்லை என்று காட்டுகிறது என்றால், சவாரி எண்ணையும் மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண்ணையும் எடுத்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்குப் போய்ச் சேராத யு.பி.ஐ. பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதுவரை ஆப்பில் பாக்கி நின்று அடுத்த சவாரி புக் ஆகாமல் தடுத்தால், பாக்கியைக் கட்டி முடித்துவிட்டு, ஐந்தாம் நாள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.