காய்ச்சல் பிள்ளைக்கு அண்ணத்தைப் பாருங்கள்

மேலூரில் அக்கா மகனுக்கு நாலாம் நாள் காய்ச்சல். டெங்குவில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தால் வெளுத்த தோலில் சிவப்புப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்தில் அது பழுப்பாகவோ கருப்பாகவோ மச்சம் மாதிரி இருக்கும். நல்ல கருப்பில் கண்ணுக்கே படாமல் போகலாம். அவனுக்கும் கைகாலில் ஒன்றும் தெரியவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் மேலண்ணத்தில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள்!

அதனால் நிறம் குறைவான இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், அண்ணம். உள்ளங்கையில் புள்ளி இருந்தால் கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்துங்கள். சாதாரணத் தடிப்பு பெரும்பாலும் மங்கும், ரத்தக்கசிவு மங்காது. மங்கவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் பிளேட்லெட் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளியே இல்லாவிட்டாலும், காய்ச்சல் விட்டபிறகு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி வந்தால் காத்திருக்க வேண்டாம்.